டாலர் எவ்வளவு ஏறினாலும் நமக்கு 57 ரூபாய்தான்

வெளிநாட்டிலிருந்து பருப்பு வரவழைக்கும் வியாபாரிக்கு டாலர் விலை பேசி முடித்த அன்றே தெரிந்துவிடுகிறது. ரூபாயில் அது எவ்வளவு என்பது பணம் கட்டும் நாளில்தான் தெரிகிறது. அதற்குள் பாதிச் சரக்கை விலை சொல்லி விற்றும் விடுகிறோம்.

2013-ஆம் ஆண்டு மே நடுவில் டாலர் 55 ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகஸ்டு 28-ல் 68 ரூபாயைத் தாண்டியது. அந்த மே மாதம் கனடாவிலிருந்து 72 டன் மைசூர் பருப்பை 50,000 டாலருக்குப் பேசி, ஆகஸ்டு இறுதியில் பணம் கட்ட ஒப்புக்கொண்ட ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 27.5 லட்சம் என்று நினைத்தது 34 லட்சம் ஆகிவிடும். கிலோவுக்கு ஒன்பது ரூபாய் கையைக் கடிக்கும்!

அவர் மே மாதமே வங்கியில் 'கால் ஆப்ஷன்' வாங்கியிருந்தால்? ஆகஸ்டு இறுதியில் 50,000 டாலரை 56 ரூபாய்க்கு வாங்கும் உரிமை அது. இதற்குப் பிரீமியம் டாலருக்கு ஒரு ரூபாய் என்று கொண்டால், 50,000 ரூபாயை முன்கூட்டியே கட்ட வேண்டும். அது திரும்பி வராது. ஆனால் டாலர் எங்கே போனாலும் அவருக்கு 57-க்கு மேல் போகாது. மொத்தம் 28.5 லட்சம். விற்பனை விலையை இந்த 57-ஐ வைத்தே போட்டுக்கொள்ளலாம்.

மாறாக டாலர் 53-க்கு இறங்கியிருந்தால், உரிமையை விட்டுவிட்டுச் சந்தை விலையில் வாங்குவார். பிரீமியத்தோடு 54 ஆகும். 'பார்வர்டு' ஒப்பந்தத்தில் இந்த வசதி இல்லை. அங்கே பிரீமியம் கிடையாது. ஆனால் பேசிய விலைக்கு வாங்கியே தீர வேண்டும். சரக்கு வராமல் போனாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்யும்போது வரும் நஷ்டம் நம் தலையில்தான்.

ஆப்ஷனிலும் தவறுகிற இடம் உண்டு, அது தேதி. கப்பல் தாமதமாகிப் பணம் கட்டும் நாள் செப்டம்பருக்குத் தள்ளிப்போனால், ஆகஸ்டோடு முடியும் ஆப்ஷன் அந்த நாளுக்குக் காவல் நிற்காது. சில நாள் கூடுதலாகவே கேட்டு வாங்குவது நல்லது. பிரீமியம் கொஞ்சம் ஏறும், அவ்வளவே.

பிரீமியமே வேண்டாம் என்று யாராவது சொன்னால், பதிலுக்கு நம்மிடமிருந்து ஓர் ஆப்ஷனை அவர்கள் வாங்குகிறார்களா என்று கேட்க வேண்டும். அப்படியானால், டாலர் இறங்கும்போது சந்தையை விட அதிக விலைக்கு வாங்கும் கட்டாயம் நம்மீது விழும். 2007-08-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் பலர் சிக்கலான டெரிவேடிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுப் பெருநஷ்டம் அடைந்தனர். வாங்கிய ஆப்ஷனில் நஷ்டம் பிரீமியத்தோடு நின்றுவிடும். விற்ற ஆப்ஷனில் அப்படி நிற்காது.