கட்டில் காலி, ஆனாலும் காத்திருப்பு

காலை 11 மணி. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு பெரியவரைப் பார்த்த டாக்டர், “வார்டுல அட்மிட் பண்ணிடுங்க” என்று சீட்டு எழுதுகிறார். பெரியவர் வார்டுக் கட்டிலில் படுக்கும்போது மணி 2. யாரைக் கேட்டாலும், “எங்க வேலை அரை மணிக்குள்ள முடிஞ்சிடுச்சே!” என்கிறார்கள். அதில் பொய்யும் இல்லை. அப்படியானால் மூன்று மணி நேரம் எங்கே போனது?

இதைக் கண்டுபிடிக்க உதவுவது ‘ஸ்விம்லேன்’ வரைபடம். நீச்சல் குளத்தைக் கயிறு கட்டித் தடங்களாகப் பிரிப்பதுபோல ஒரு பெரிய தாளைக் குறுக்குக் கோடுகளால் பிரிக்க வேண்டும். டாக்டர், அட்மிஷன் கவுன்ட்டர், வார்டு நர்ஸ், துப்புரவுப் பிரிவு, நோயாளியின் உறவினர் என்று பொறுப்புக்கு ஒரு தடம். ஆட்களின் பெயரை எழுதக் கூடாது. ஷிஃப்ட் மாறினால் ஆள் மாறிவிடுவார்.

முதல் கட்டம் ‘சீட்டு எழுதுதல்’, கடைசிக் கட்டம் ‘கட்டிலில் படுத்தல்’. நடுவில் உள்ளதை விதிமுறைப் புத்தகத்தைப் பார்த்து நிரப்பக் கூடாது. ஒரு நோயாளியின் கூடவே நடந்து, கண்ணால் கண்டதை நேரத்தோடு குறிக்க வேண்டும். ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அம்புக்குறிதான் வேலை கைமாறும் இடம். அதன்மேல், என்ன போகிறது, எதன் வழியாகப் போகிறது, வந்துவிட்டதென்று வாங்குபவருக்கு எப்படித் தெரிகிறது என்ற மூன்றையும் எழுத வேண்டும்.

பெரியவரின் கதையை அப்படி வரைந்தால் இப்படி வரும். 11.10-க்கு கவுன்ட்டர் வார்டுக்குப் போன் செய்கிறது. “ஒருத்தர் டிஸ்சார்ஜ் ஆகப் போறார்” என்கிறார் நர்ஸ். 11.30-க்கு அவர் கிளம்பிவிட, கட்டில் காலி. துப்புரவுப் பிரிவு வழக்கமான ரவுண்டில் 1 மணிக்கு வந்து, அரை மணியில் சுத்தம் செய்துவிட்டுப் போகிறது. கவுன்ட்டர் தானாக மறுபடி போன் செய்த 1.45-க்குத்தான் கட்டில் தயார் என்றே தெரிகிறது.

இப்போது தாளைப் பாருங்கள். ‘கட்டில் சுத்தம்’ என்ற கட்டத்துக்குள் எந்த அம்பும் வரவில்லை. அதிலிருந்து எதுவும் வெளியே போகவும் இல்லை. நர்ஸ் யாருக்கும் சொல்லவில்லை, ஏனென்றால் சொல்வது அவர் வேலை என்று எங்கும் இல்லை. முதல் விடுபட்ட அம்பு ஒன்றரை மணி நேரத்தையும், இரண்டாவது கால் மணி நேரத்தையும் விழுங்கியிருக்கின்றன.

தீர்வும் அங்கேயே இருக்கிறது. நோயாளி கிளம்பியதும் நர்ஸ் துப்புரவு மேற்பார்வையாளருக்குப் போன் செய்ய வேண்டும். சுத்தம் முடிந்ததும் மேற்பார்வையாளர் கவுன்ட்டருக்குச் சொல்ல வேண்டும். இரண்டே அம்புகள்.

இன்சூரன்ஸ் அனுமதி போன்ற கிளைகளையும் இதே தாளில் திணித்தால் இந்த ஓட்டை கண்ணில் படாது. அவற்றுக்குத் தனித்தாள் வேண்டும். எல்லாக் கட்டில்களும் நிரம்பிய நாளில் இந்த அம்புகளால் பயனில்லை. காலியாகக் கிடந்தும் யாருக்கும் தெரியாத கட்டிலைத்தான் இவை மீட்டுத் தரும்.