மீன் தானேன்னு நினைக்காதீங்க... சுஷிக்குள்ள ஒளிஞ்சிருக்குது சோறும் சர்க்கரையும்!

ஜப்பான் நாட்டு சுஷி என்றாலே மீன்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சாப்பாட்டைக் கணக்கு போட்டு இன்சுலின் ஊசி போட்டுக் கொள்ளும் சர்க்கரை நோயாளிகளுக்கு மீன் ஒரு பிரச்சினையே இல்லை. மீனிலும், வெள்ளரிக்காயிலும், சுற்றியிருக்கும் கடல்பாசி தாளிலும் மாவுச்சத்து ரொம்பக் குறைவு. எல்லாமே சோற்றில்தான் இருக்கிறது.

அதுவும் வெறும் சோறு இல்லை. சுடச்சுட வடித்த சோற்றில் வினிகர், உப்போடு சர்க்கரையும் கரைத்து ஊற்றிக் கிளறுகிறார்கள். புளிப்பும் உப்பும் சேர்ந்து அடக்கி விடுவதால் இனிப்பு நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

கணக்கு எப்படி?

வீட்டில் செய்பவர்களுக்கு வழி சுலபம். 300 கிராம் அரிசி, 2 மேஜைக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக் கொள்வோம். அரிசியில் சுமார் 234 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை 24 கிராம். மொத்தம் 258. வினிகர் கலந்து ஆறிய பிறகு சோற்றை எடை போட்டால் ஏறக்குறைய 700 கிராம் நிற்கும். அப்படியானால் 100 கிராம் சோற்றுக்கு 37 கிராம் மாவுச்சத்து.

பாதித் தாளில் சுற்றும் ஒல்லி ரோலுக்கு 80 கிராம் சோறு பிடிக்கும். அதை 6 துண்டாக வெட்டுவார்கள். ஒரு ரோலுக்கு 30 கிராம், துண்டுக்கு 5 கிராம். 3 ரோல் சாப்பிட்டால் 90 கிராம் ஆகிவிடும். அதில் வினிகரோடு போன சர்க்கரை மட்டும் 8 கிராம், அதாவது 2 டீஸ்பூன். வெறும் சோற்றுக் கணக்கு போட்டவருக்கு இதுதான் விட்டுப் போகிறது.

துண்டை எண்ணினால் போதுமா? போதாது. முழுத்தாளில் சுற்றும் தடி ரோலுக்கு 200 கிராம் சோறு கூட போகும். அதை 8 துண்டாக்கினால் ஒரு துண்டே 9 கிராம். சோற்றை அழுத்திப் பரப்பினால் இன்னும் கூடும். அதனால் சுற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு ரோலுக்கும் சோற்றை தராசில் வைத்துவிட வேண்டும். சுற்றின பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சாஸ் ஜாக்கிரதை

தொட்டுக் கொள்ளும் சோயா சாஸ் ஒரு ஸ்பூனில் மாவுச்சத்து 1 கிராம் கூட இருக்காது, உப்புதான் அதிகம். ஆனால் விலாங்கு மீன் ரோல் மேல் பளபளவென்று ஊற்றும் கெட்டியான பழுப்பு சாஸ் வேறு ரகம். சோயாவோடு சர்க்கரையும் இனிப்பு மதுவும் சேர்த்துக் காய்ச்சியது. ஒரு மேஜைக்கரண்டியே 6 முதல் 10 கிராம் வரை ஏற்றிவிடும். ஓட்டலில் இதை தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கினால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியும்.

'நண்டு' என்று வருவதும் பெரும்பாலும் மீன் விழுதில் மாவும் சர்க்கரையும் கலந்து செய்ததுதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் சர்க்கரை ஏறியிருந்தால் சோற்று எடையையும் சாஸையும் எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டலாம். ஊசி அளவை தாங்களாகவே கூட்டிக் கொள்வது ஆபத்து. கணக்கு தப்பி ஊசி அதிகமாகிவிட்டால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கைகால் நடுங்கி மயக்கமே வந்துவிடும்.