நீலம் பூத்த தாச்சியும் வெள்ளை படிந்த கேத்திலும்

திருகோணமலையின் குசினிகளில் எவர்சில்வர் பாத்திரத்துக்கு இரண்டு வகையான கறைகள் வரும். ஒன்று, தாச்சியின் அடியில் மஞ்சளும் ஊதாவும் நீலமுமாகப் பூக்கும் வானவில் நிறம். மற்றது, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் உட்புறத்தில் சுண்ணாம்பு தீற்றியதுபோல ஏறும் வெள்ளை. பெரும்பாலான வீடுகளில் இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான்: தும்பை எடுத்து, மணலோ சாம்பலோ போட்டு, கை வலிக்கத் தேய்ப்பது. கறை பாதிதான் போகும், பாத்திரத்தின் பளபளப்பு முழுதாகப் போய்விடும். முதலாவது கறை உலோகத்துக்குள்ளிருந்தே வளர்ந்தது. இரண்டாவது தண்ணீரோடு வெளியிலிருந்து வந்தது. இந்த வித்தியாசம் தெரிந்தால் தேய்க்கவேண்டிய தேவையே அநேகமாக இல்லை.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். எவர்சில்வர் என்பது குரோமியம் கலந்த இரும்பு. நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது குரோமியம் இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர் பொருந்தும். நல்ல சமையல் பாத்திரங்களில் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு அளவில் நிக்கலும் இருக்கும். 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் ஹரி பிரியர்லி உருவாக்கிய உருக்கிலும் துருவைத் தடுத்தது குரோமியம்தான். காற்றிலுள்ள ஒட்சிசனோடு அது சேர்ந்து, உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை உண்டாக்குகிறது. கீறினாலும் அந்தத் தோல் தானாகவே மீண்டும் மூடிக்கொள்ளும். மிகமிக மெல்லியது என்பதால் அதற்கு நிறமில்லை. நாம் பார்ப்பது அடியிலுள்ள உலோகத்தின் பளபளப்பை மட்டுமே.

பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடாகும்போது இந்தத் தோல் தடிக்கிறது. உள்ளிருக்கும் இரும்பும் வெளியே வந்து ஒட்சிசனோடு சேர, தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவை அது நெருங்குகிறது. அந்த அளவில் ஒளி விளையாடத் தொடங்கும். தோலின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், தோலைக் கடந்து உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதி, சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் மிஞ்சும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு இடையே தண்ணீரில் பரவிக் கிடக்கும் டீசல் படலத்தில் தெரியும் நிறங்களுக்கும் இதுவேதான் காரணம். இரண்டிலும் சாயம் என்று எதுவும் கிடையாது, தடிப்பு மட்டும்தான் இருக்கிறது. தடிப்பு மாறினால் நிறம் மாறும். புல்மோட்டைக் கரையின் கருமணலிலுள்ள இல்மனைட்டிலிருந்து எடுக்கப்படும் டைட்டேனியம் உலோகமும் சூடானால் இதே விதத்தில் நிறம் பூக்கும். நகை செய்பவர்கள் அதை வேண்டுமென்றே செய்வார்கள்.

ஆகவே தாச்சியின் நிறத்தை ஒரு வெப்பமானி போலவே வாசிக்கலாம். ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் வைக்கோல் மஞ்சள் தோன்றும். 400 பாகையை ஒட்டிப் பழுப்பும் ஊதாவும் வரும். 500 பாகையைத் தாண்டினால் நீலம். குறைந்த சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் நிறம் ஓரளவு முன்னேறும் என்பதால் இவை கறாரான எண்கள் அல்ல. ஆனாலும் ஒன்று நிச்சயம்: தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்தின் சுவர் 100 பாகையைச் சுற்றியே நிற்கும், அங்கே இந்த நிறம் வராது. சோற்றுப் பானையில் கவனித்தால் தெரியும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கேஸ் அடுப்பின் சுவாலை வெளிப்புறமாக ஏறி நக்கிய இடத்தில்தான் நிற வளையம் இருக்கும். தாச்சியின் நடுவில் நீலம் என்றால், எண்ணெய் ஊற்றுமுன் வெறுந்தாச்சி அடுப்பில் நெடுநேரம் இருந்திருக்கிறது. சுவாலையைப் பாத்திரத்தின் அடிக்குள் அடங்கும்படி குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இந்த நிறத்தால் உணவுக்குக் கெடுதி ஒன்றும் இல்லை. விட்டுவிட்டாலும் சமைக்கலாம். போக்கவேண்டுமென்றால் அமிலம் வேண்டும், ஏனென்றால் அந்தப் படலத்தின் வெளிப்பக்கத்தில் இரும்பு ஒட்சைட்டு அதிகம், அமிலம் அதைக் கரைக்கும். இதற்குத் தேசிக்காய் மிகவும் பொருத்தம். அதிலுள்ள சித்திரிக் அமிலம் இரும்பைக் கரைப்பதோடு, கரைந்ததைத் தன்னோடு பிடித்தும் வைத்துக்கொள்ளும். முதலில் சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை முழுதாக நீக்கவேண்டும். பிசுக்கு இருந்தால் அமிலம் உலோகத்தைத் தொடாது. பிறகு கைபொறுக்கும் சூட்டில் பாத்திரத்தை வைத்து, தேசிக்காய்ச் சாற்றையோ வினாகிரியையோ ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, மெல்லிய துணியால் துடைத்தால் மஞ்சள் போய்விடும். வெளிப்புறமென்றால் சாற்றில் நனைத்த துணியைக் கறையின் மேல் போர்த்திவிடலாம். ஊதாவுக்கு இரண்டு மூன்று தடவை வேண்டிவரும். கருநீலமாக இறுகியது இதற்கு மசியாது. அதற்கு ஒக்சாலிக் அமிலம் கலந்த எவர்சில்வர் துலக்கும் தூள் கடைகளில் கிடைக்கும். கையுறை போட்டு, தண்ணீரில் பசைபோலக் குழைத்து, ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் தேய்த்து, பலமுறை அலசவேண்டும். அந்த அமிலம் வயிற்றுக்குள் போகக்கூடாது.

இனி வெள்ளை. நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோரங்களில் மணலில் வெட்டிய கிணறுகள் நிறைய. கடற்கரை மணலோடு சிப்பித் துகள் கலந்திருக்கும், சிப்பியென்றால் சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள், கல்சியம் காபனேற்று. அது வெறும் தண்ணீரில் கரையாது. ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டை ஏந்திக்கொள்கிறது, அப்படிப்பட்ட நீரில் சிப்பி மெல்லக் கரைந்து இருகாபனேற்றாக மாறிக் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலில் கொதிக்கவைத்தால் அந்த வாயு வெளியேறிவிடும், கரைந்திருந்த சுண்ணம் மறுபடி கல்லாகிச் சுவரில் ஒட்டும். கந்தளாய்க் குளத்திலிருந்து நகரத்துக்குக் குழாயில் வருவது போன்ற குளத்து நீரில் பொதுவாகக் கிணற்று நீரைவிட இந்தச் சுண்ணம் குறைவு. ஆகவே ஒரே ஊரில் ஒரு வீட்டுக் கேத்தில் வெளுத்திருக்க, இன்னொரு வீட்டுக் கேத்தில் மினுங்குவதில் வியப்பில்லை. ஐப்பசிக்குப் பிறகு வரும் வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய வறண்ட மாதங்களில், கிணறு வற்ற வற்ற இந்த வெள்ளையும் கூடும்.

எவ்வளவு வினாகிரி வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே அறியலாம். கிணற்றுத் தண்ணீரில் ஒரு லீற்றரைக் கொதிக்கவைத்தால் 100 மில்லிகிராம் சுண்ணம் ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஐந்து லீற்றர் கொதிக்கும் வீட்டில் அது அரைக் கிராம், ஒரு மாதத்தில் 15 கிராம். கடையில் வாங்கும் வினாகிரியில் நூற்றுக்கு 4 பங்கு அசற்றிக் அமிலம் இருந்தால், 100 மில்லிலீற்றரால் மூன்று கிராமுக்குச் சற்று மேலாகச் சுண்ணத்தைக் கரைக்க முடியும். அப்படியென்றால் 15 கிராமுக்கு ஏறத்தாழ 450 மில்லிலீற்றர், அதாவது அரைப் போத்தலுக்கு மேலே. வினாகிரி போட்டும் வெள்ளை போகவில்லை என்று குறைப்படுபவர்களில் பலர் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றியிருப்பார்கள். இரண்டு மேசைக்கரண்டி வினாகிரிக்கு ஒரு கிராமைக் கரைக்கும் வலுத்தான் உண்டு.

அமிலம் தீரத்தீர வேகம் குறைந்துவிடும் என்பதால், அந்த 450 மில்லிலீற்றரை ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டாகப் பிரிப்பது நல்லது. பாதியை அதே அளவு தண்ணீரோடு கேத்திலில் ஊற்றிச் சூடாக்கி, கொதிக்கத் தொடங்கியதும் அடுப்பை அணைத்து, அரைமணி நேரம் விடவேண்டும். நுரை எழும்பும். சுண்ணத்திலிருந்து காபனீரொட்சைட்டு மீண்டும் வெளியேறுவதே அந்த நுரை. நுரை அடங்கியதும் அதைக் கொட்டிவிட்டு, மீதியைப் புதிதாக ஊற்றி அதேபோலச் செய்யலாம். வினாகிரி மட்டம் எட்டாத மேற்பகுதிக்கு, அதில் தோய்த்த துணியைச் சுவரோடு ஒட்டிவைக்கலாம்.

இங்கே தேசிக்காயும் புளியும் வினாகிரிக்குப் பதிலாகச் சரிவராது. மெல்லிய வெள்ளைக்குத் தேசிக்காய் போதும். ஆனால் தடித்த படிவில், அதுவும் சூடாக, தேசிக்காய்ச் சாற்றைப் போட்டால் கல்சியம் சித்திரேற்று என்ற இன்னொரு வெள்ளைப் பொருள் உருவாகும். அது தண்ணீரில் லேசில் கரையாது, கொதிநீரில் இன்னும் குறைவாகவே கரையும். புளியிலுள்ள தாத்தாரிக் அமிலமும் இதே வேலையைச் செய்யும். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் துலக்கிய கைக்கு எவர்சில்வருக்கும் அதையே எடுக்கத் தோன்றும். பித்தளையில் புளி செப்பு ஒட்சைட்டை நீக்குகிறது, அங்கே சுண்ணம் என்ற எதிராளி இல்லை. வினாகிரியால் உண்டாகும் கல்சியம் அசற்றேற்றோ தண்ணீரோடு ஓடிவிடும்.

எல்லா வெள்ளையும் சுண்ணமல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஒரு துளி வினாகிரி விட்டு நுரைத்தால் சுண்ணம். வெறும் தண்ணீரில் துடைத்ததுமே போனால் காய்ந்த உப்பு. சவர்க்காரத்தோடு வெந்நீரில் ஊறவைத்ததும் வழுவழுத்துக் கிளம்பினால் கஞ்சி. எதற்கும் போகாமல், அடியில் வெண்புள்ளிகளாகத் தெரிந்து, நகத்தை ஓட்டினால் குழி தட்டுப்பட்டால், அது படிவே அல்ல. உப்பிலுள்ள குளோரைட்டு குரோமியத் தோலை ஊடுருவி உலோகத்தைத் தின்ற இடம். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு, அது அடியில் கிடக்கும்படி விட்டாலும், கருவாட்டை எவர்சில்வர் பாத்திரத்தில் இரவு முழுதும் ஊறவைத்தாலும் இது நடக்கும். இந்தக் குழியை எந்த அமிலமும் நிரப்பாது. தண்ணீர் கொதித்தபின் உப்பைப் போட்டுக் கிண்டுவதும், கருவாட்டுக்கு மண்சட்டியை எடுப்பதும்தான் வழி. வெளுப்பதற்கு வைத்திருக்கும் குளோரின் திரவத்தையும் எவர்சில்வருக்குப் பாவிக்கக்கூடாது. அது இதே குழியை உண்டாக்கும். அதை வினாகிரியோடு கலந்தால் நச்சுவாயு எழும்.

கறை போனபிறகும் மினுக்கம் திரும்பவில்லையென்றால் காரணம் பழைய கீறல்கள். ஒளி அங்கே சிதறுவதால் பாத்திரம் மங்கலாகத் தெரியும், புதிய சுண்ணம் பற்றிக்கொள்ளவும் அந்தக் கீறல்கள் இடம் கொடுக்கும். மிக நுண்ணிய துலக்கும் பசையை ஈரத் துணியில் எடுத்து, உலோகத்தில் ஏற்கெனவே தெரியும் கோடுகளின் திசையிலேயே, வட்டமாகச் சுற்றாமல் தேய்த்தால் ஓரளவு மீளும். கண்ணாடிபோல வந்த பாத்திரம் மணலில் உரசுப்பட்டிருந்தால் வீட்டில் அதை முழுதாக மீட்க முடியாது. கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ இருந்தால் அதைப் பாவித்து, ஈரம் தானாகக் காயும்முன் உலர்ந்த துணியால் ஒற்றிவிடவேண்டும். கிணற்றுத் தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்த்துவைத்தால், ஒவ்வொரு துளியும் காய்ந்த இடத்தில் ஒரு வெள்ளை வளையம் மறுபடி நிற்கும்.