அழைப்பை வெட்ட வேண்டாம், கேமராவை மூடினால் போதும்

பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகளுக்கு வேலைக்கு வந்து ஆகுர்டியிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் பலவற்றுக்கு இப்போது பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நியூ ஜெர்சியில் கோடைக்காலத்தில் சனி இரவு பத்து. பேரனைத் தூங்க வைப்பதற்குள் பாட்டியிடம் காட்டிவிட வேண்டும். சரியாக அந்த நேரத்தில்தான், "அம்மா, உங்க முகம் அப்படியே நின்னு போச்சு" என்று மகள் சொல்வாள். அம்மாவுக்கோ மகள் முகம் பளிச்சென்று தெரிகிறது. "இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு, உன் பக்கம்தான் ஏதோ கோளாறு" என்பார்.

கோளாறு பெரும்பாலும் ஆகுர்டிப் பக்கம்தான். நாம் சொல்வது அவர்களுக்கு விட்டுவிட்டுப் போய், அவர்கள் சொல்வது நமக்குத் தெளிவாக வந்தால், நம் வீட்டிலிருந்து வெளியே போகும் பாதை திணறுகிறது என்று அர்த்தம். செல்பேசிக் கோபுரம் பத்துக் கணக்கான வாட்டில் பேசுகிறது. நம் கைப்பேசியால் அதிகபட்சம் சுமார் 0.2 வாட்டில்தான் பதில் சொல்ல முடியும். கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே உள்ள அறையில் கோபுரம் சொல்வது நமக்குக் கேட்கும். நாம் சொல்வதுதான் அதற்குக் கேட்காது. திரையில் தெரியும் சிக்னல் கோடுகள் நமக்கு வந்து சேர்வதைத்தான் அளக்கின்றன. அதனால்தான் முழுக்கோடு இருந்தும் படம் நிற்கிறது. வேகத்தைச் சோதிக்கும் செயலியில் Upload என்ற எண்ணைப் பாருங்கள். அது அரை Mbps-க்குக் கீழே இருந்தால் வீடியோவை நம்ப வேண்டாம். பால்கனிக்கோ ஜன்னலோரத்துக்கோ போய் மறுபடி அளந்து, எண் கூடும் இடத்தில் நாற்காலியைப் போடுங்கள்.

வெளியே போகும் பாதையை நமக்குத் தெரியாமலே அடைப்பது வேறொன்றும் உண்டு. நேற்றைய கல்யாணத்தில் எடுத்த நூறு படங்களை கூகுள் போட்டோஸ் பின்னால் மேலேற்றிக்கொண்டிருக்கும். வீட்டு வைஃபையில் யார் கைப்பேசியில் அது நடந்தாலும் உங்கள் பேச்சு அதன் வரிசைக்குப் பின்னால் நிற்கும். பேசி முடிக்கும் வரை எல்லோர் கைப்பேசியிலும் Backup-ஐ நிறுத்தி வைப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் Settings, பிறகு Storage and data. அங்கே Use less data for calls என்பதை இயக்கி வையுங்கள். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் ஓடும். அறை வெளிச்சத்தையும் பாருங்கள். இருட்டில் கேமரா புள்ளி புள்ளியாக எடுக்கும். நொடிக்கு நொடி மாறும் அந்தப் புள்ளிகளையும் செயலி அனுப்பியாக வேண்டும். பின்னால் சுழலும் மின்விசிறியும் கையில் ஆடும் கைப்பேசியும் அதே செலவுதான். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கைப்பேசியை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தாலே அதே இணைப்பில் படம் தெளிவாகும். விலை உயர்ந்த கைப்பேசி வாங்குவதைவிட இது பயன் தரும் என்பது என் எண்ணம்.

இவ்வளவும் செய்து படம் நின்றால்? பெரும்பாலோர் அழைப்பை வெட்டிவிட்டு மறுபடி கூப்பிடுகிறார்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் கூப்பிட, இருவருக்கும் பிஸி என்று வரும். அதற்குப் பதில் கேமரா பொத்தானை மட்டும் அணையுங்கள். பேச்சு அறுபடாது. நல்ல வீடியோவுக்கு நொடிக்குச் சில நூறு கிலோபிட் வேண்டும். குரலுக்கு முப்பது, நாற்பது போதும். இணையக் குரலுக்குப் பரவலாகப் பயன்படும் ஓபஸ் என்ற முறை 6 கிலோபிட் வரைகூட இறங்கி வேலை செய்யும். ஆனால் கேமராவை இரு பக்கமும் அணைக்க வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன ஆகுர்டி வீட்டில் திணறுவது வெளியே போகும் பாதை மட்டுமே. அம்மா தன் கேமராவை அணைத்தால் போதும். பேரன் தெரிந்துகொண்டே இருப்பான், பாட்டி குரல் அவனுக்குக் கேட்கும். மகள் கேமராவையும் அணைக்க வேண்டியது அவள் குரலும் வெட்டுப்படும்போதுதான்.

குரலும் போனால் சாதாரண தொலைபேசி அழைப்புதான் கடைசி வழி. 4ஜி வலையமைப்பில் அதற்கென்று தனிப் பாதை ஒதுக்குவதால், இணையம் நெரிசலில் தவிக்கும்போதும் அது பெரும்பாலும் ஓடும். இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கூப்பிட்டால் ஐஎஸ்டி கட்டணம். அங்கிருந்து வரும் அழைப்புக்கு நம் ஊரில் இருக்கும்வரை நமக்குக் காசில்லை. எனவே மகள்தான் கூப்பிட வேண்டும், அம்மா காத்திருக்க வேண்டும் என்று முன்பே பேசி வையுங்கள். துபாயில் பிள்ளை இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு அனுமதி கிடையாது. அங்கே வாட்ஸ்அப்பில் மணி அடிக்காததற்கு உங்கள் சிக்னலைக் குறை சொல்லிப் பயனில்லை. போடிம் போன்ற அங்கே அனுமதி பெற்ற செயலியை இரு பக்கமும் நிறுவிக்கொள்ள வேண்டும்.