வருமானம் குறைந்த ஆண்டும் கார் கடனும்

சொந்தத் தொழில் செய்பவர் கார் கடன் கேட்டால், வங்கிகள் பெரும்பாலும் கடைசி இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரி ரிட்டர்னைக் கேட்கின்றன. நடுவில் ஓர் ஆண்டு வருமானம் சரிந்திருந்தால், தொழில் நொடிந்ததோ என்ற சந்தேகம் வரும். சரிவு எப்போது தொடங்கியது, ஏன் வந்தது, எப்போது முடிந்தது என்பதை எழுத்தில் சொல்லி, ரிட்டர்னோடு பொருத்திக் காட்டினால்தான் அது தீரும்.

மதுரையில் கட்டடங்களுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்யும் ஒரு ஒப்பந்தக்காரரை எடுத்துக்கொள்ளலாம். 2022-23இல் அவர் காட்டிய வருமானம் 4,80,000 ரூபாய். 2023 ஏப்ரலில் விபத்தில் கால் முறிந்து, செப்டம்பர் வரை வேலைக்குப் போகவில்லை. 2023-24இல் வருமானம் 2,10,000 ரூபாயாக இறங்கி, 2024-25இல் 5,20,000 ரூபாயாக ஏறியது. மூன்றாண்டு சராசரி எடுக்கும் வங்கிக்கு அவருடைய மாத வருமானம் சுமார் 33,600 ரூபாய். கடைசி ஆண்டை மட்டும் பார்த்தால் 43,300 ரூபாய். எவ்வளவு மாதத் தவணையை அவர் தாங்குவார் என்ற கணக்கு இதைப் பொறுத்தே மாறும். கடைசி ஆண்டையே அளவாகக் கொள்ளும்படி கேட்கத்தான் விளக்கக் கடிதம் தேவைப்படுகிறது.

கடிதம் அரைப் பக்கம் போதும். ‘2023 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கால் முறிவுக்குச் சிகிச்சையில் இருந்ததால் வேலை எடுக்கவில்லை, அக்டோபரில் மீண்டும் தொடங்கினேன்’ என்று எழுதி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியை இணைக்கலாம். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று மட்டும் எழுதினால் அதிகாரியால் எதையும் சரிபார்க்க முடியாது. இன்னொரு இடத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். 2023-24 நிதியாண்டின் ரிட்டர்னில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25 என்றே இருக்கும். கடிதத்தில் இரண்டையும் குறிப்பிடாவிட்டால், விபத்து ஓர் ஆண்டிலும் சரிவு வேறோர் ஆண்டிலும் இருப்பதுபோலத் தெரியும்.

படிவம் 26ஏஎஸ் இங்கே நல்ல சாட்சி. கட்டட நிறுவனங்கள் டிடிஎஸ் பிடித்த பதிவுகள் அதில் தேதியோடு இருக்கும். அவை ஏப்ரலுக்குப் பின் நின்று அக்டோபருக்குப் பின் மீண்டும் வந்தால், கடிதம் சொல்வதையே வரித்துறைப் பதிவும் சொல்கிறது. வங்கிக் கணக்கில் வந்த பணமும் அதே போக்கில் இருக்க வேண்டும். முன்பே வாங்கிய கடன்களின் தவணை அந்த மாதங்களிலும் தவறாமல் கட்டப்பட்டிருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விடும்.

வரி வரம்புக்குக் கீழே வருமானம் இருக்கிறதே என்று அந்த ஆண்டு ரிட்டர்னே போடாமல் விடுவதுதான் பெரிய சிக்கல். வருமானம் குறைவு என்பதற்குக்கூட அப்போது தாள் இருக்காது. தாமத ரிட்டர்னை மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31 வரை போடலாம். அதன்பின் இருப்பது புதுப்பித்த ரிட்டர்ன். கூடுதல் வரி கட்ட வேண்டியவருக்குத்தான் அது பயன்படும், வரியே இல்லாதவருக்கு அந்த வழி கிடையாது. வரி கட்ட வேண்டாத ஆண்டிலும் கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டுவிடுவது நல்லது.

இத்தனை இருந்தும் வங்கி சராசரியையே எடுத்தால், முன்பணத்தைக் கூட்டுவதும், ரிட்டர்ன் போடும் கணவன் அல்லது மனைவியை இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பதும் மிச்சமிருக்கும் வழிகள்.