காய்ச்சல் இறங்கும் நாள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலரின் பையில் இரண்டு மருந்துப் புட்டிகளைக் காண்கிறோம். ஒன்று பாராசிட்டமால், மற்றொன்று ஐபுபுரோஃபென். “மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம் டாக்டர், அப்படியும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது” என்பார்கள். இந்த வழக்கத்தைப் பற்றியும், ஈரத்துணி ஒற்றுவது பற்றியும், எந்தக் காய்ச்சலுக்கு அஞ்ச வேண்டும் என்பது பற்றியும் இவ்விதழில் எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழந்தையின் நான்கு நாட்களைச் சொல்கிறோம். இது ஒரு குடும்பத்தின் கதை அன்று. மழைக்காலங்களில் நாங்கள் பலமுறை கண்டவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது.

மூன்று வயதுக் குழந்தை. எடை 12 கிலோ. திங்கட்கிழமை மாலை திடீரென்று 103 டிகிரி காய்ச்சல். சளி, இருமல் எதுவும் இல்லை. பாராசிட்டமால் கொடுத்ததும் 101-க்கு இறங்கிற்று. நான்கு மணி நேரத்தில் மீண்டும் ஏறிற்று. செவ்வாயன்று தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி ஐபுபுரோஃபெனும் வாங்கினார்கள். அன்றிரவு முழுவதும் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பாட்டி குளிர்ந்த நீரில் துணியை நனைத்து உடம்பெல்லாம் துடைத்தார். புதனும் அப்படியே கழிந்தது. வியாழன் காலை தொட்டுப் பார்த்தால் உடம்பு குளிர்ந்திருந்தது, வெப்பமானி 98.4 காட்டியது. வீட்டில் அனைவரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். குழந்தை மட்டும் எழுந்து விளையாடவில்லை. வயிறு வலிக்கிறது என்றது. இருமுறை வாந்தி எடுத்தது. பிறகு தூங்கிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் காய்ச்சலின் அசதி என்று எண்ணி விட்டுவிட்டார்கள். மதியம் கையும் காலும் சில்லென்று இருப்பதையும், முந்தின இரவுக்குப் பிறகு சிறுநீர் கழிக்கவில்லை என்பதையும் கவனித்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள்.

அது டெங்கு. அந்நோயில் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாட்களைவிட, அது இறங்கும் நாளே பெரும்பாலும் ஆபத்தானது. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணியும் நேரத்தில், சில குழந்தைகளுக்கு நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரத் தொடங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சும் இரத்தம் கெட்டியாகிறது, அளவு குறைகிறது. அதனால்தான் கைகால் குளிர்கிறது, சிறுநீர் வற்றுகிறது, குழந்தை சோர்ந்து சாய்கிறது. இக்கசிவு ஒன்று அல்லது இரண்டு நாட்களே நீடிக்கும். அந்நேரத்தில் நரம்பு வழியாகத் தகுந்த அளவு திரவம் ஏற்றினால் பெரும்பாலான குழந்தைகள் மீண்டுவிடுவார்கள். தாமதித்தால் இழக்கவும் நேரிடும்.

இரண்டு மருந்துகளையும் மாற்றிக் கொடுப்பதை எங்கள் ஊர்களில் நாங்கள் ஏற்காததற்கு முதற்காரணம் இதுவே. டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றன. ஐபுபுரோஃபென், எஞ்சியிருக்கும் தட்டணுக்களின் வேலையையும் தடுக்கிறது. இரைப்பையின் உட்சுவரையும் புண்ணாக்கக்கூடும். இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவுக்கு வழி திறக்கிறது. நீர் வற்றிய குழந்தைக்கு அது சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். முதல் இரண்டு நாட்களில் டெங்குவையும் சாதாரண வைரஸ் காய்ச்சலையும் வீட்டில் பிரித்தறிய இயலாது. ஆகவே டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் ஒன்றே போதும். மருந்துக்கடைகளில் எளிதாகக் கிடைக்கும் மெஃபெனமிக் அமில சிரப்பும் ஐபுபுரோஃபெனின் இனத்தைச் சேர்ந்ததே. அதற்கும் இதே தடை. ஆஸ்பிரினைக் குழந்தைகளின் காய்ச்சலுக்கு எக்காலத்திலும் கொடுக்கலாகாது.

டெங்கு இல்லாத நாடுகளில் மாற்றிக் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 156 குழந்தைகளிடம் இதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டையும் பெற்ற குழந்தைகளுக்கு, பாராசிட்டமால் மட்டும் பெற்றவர்களைவிட, முதல் நாளில் சுமார் நான்கரை மணி நேரம் காய்ச்சல் குறைவாக இருந்தது. ஆனால் குழந்தையின் அசௌகரியம் அதிகமாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. வெப்பமானிக்குக் கிடைத்த ஆறுதல் குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்று அதை நாங்கள் புரிந்துகொள்கிறோம். காய்ச்சல் மருந்து நோயைக் குணப்படுத்துவதில்லை. உடல்வலியையும் சிணுங்கலையும் குறைத்து, குழந்தை நீர் அருந்தவும் உறங்கவும் உதவுகிறது. 102 டிகிரியிலும் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால் மருந்தே தேவையில்லை. உறங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டாம்.

இரண்டாவது காரணம் அளவுப் பிழை. பாராசிட்டமால், எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. மேலே சொன்ன 12 கிலோ குழந்தைக்கு 180 மில்லிகிராம். ஒருமுறை கொடுத்தபின் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. ஆனால் புட்டிகள் ஒரே செறிவில் வருவதில்லை. 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் இக்குழந்தைக்கு 7.5 மில்லிலிட்டர். 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மில்லிலிட்டர். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் 100 மில்லிகிராம் இருக்கும், அதில் 1.8 மில்லிலிட்டரே போதும். சென்ற முறை 7.5 கொடுத்தோம் என்ற நினைவில் 250 மில்லிகிராம் சிரப்பை 7.5 மில்லிலிட்டர் ஊற்றினால் இருமடங்கு போய்விடும். இப்படியே இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்தால் கல்லீரல் கெடும்.

இதற்குள் இன்னொரு பொறியும் உண்டு. ஐபுபுரோஃபென் என்று நினைத்து வாங்கும் சிரப்புகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கிறது. அதைப் பாராசிட்டமாலுடன் மாற்றிக் கொடுப்பவர்கள் உண்மையில் மூன்று மணிக்கு ஒருமுறை பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். புட்டியின் முகப்பில் உள்ள பெயரைப் பார்த்துப் பயனில்லை. பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மருந்துகளின் பட்டியலைப் படியுங்கள். புரியவில்லையென்றால் புட்டியை எடுத்து வந்து எங்கள் மருந்தகத்தில் காட்டுங்கள். வீட்டுத் தேக்கரண்டியால் அளக்காமல், மருந்துடன் வரும் மூடியாலோ, ஊசியில்லாத சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள்.

இனி ஈரத்துணி. காய்ச்சலின்போது மூளையில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையம் தன் இலக்கை உயர்த்தி வைத்திருக்கிறது. 103 தான் சரியான வெப்பம் என்று உடல் நம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால், அது வெப்பத்தை இழக்காமலிருக்கப் போராடும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும்; நடுக்கம் எடுக்கும்; அந்நடுக்கமே உள்ளே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். தோல் குளிர்ந்ததால் தணிந்தது என்று நாம் நினைப்போம். குழந்தையோ வேதனையில் அழும். பாராசிட்டமால் அந்த இலக்கையே கீழே இறக்குகிறது. ஆகவே ஐஸ் நீரும் குளிர்ந்த குளியலும் வேண்டாம். ஸ்பிரிட் கலந்த நீரால் துடைப்பது அறவே கூடாது. அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் சென்று நஞ்சாகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைப்பது குழந்தைக்கு இதமாக இருந்தால் செய்யலாம். நடுங்கினாலோ அழுதாலோ நிறுத்திவிடுங்கள். நெற்றியில் ஈரத்துணி இடும் பாட்டிமாரை நாங்கள் தடுப்பதில்லை. அதனால் காய்ச்சல் பெரிதாக இறங்காது; ஆனால் பக்கத்தில் ஒருவர் அமர்ந்திருப்பது குழந்தைக்குப் பிடிக்கும். கம்பளி சுற்றி வியர்க்கவைப்பதை மட்டும் தவிருங்கள்.

ஒரு விதிவிலக்கு: கோடையில் வெயிலிலோ, பூட்டிய காரிலோ இருந்த குழந்தைக்கு உடல் கொதித்து நினைவு தடுமாறினால் அது காய்ச்சல் அன்று, வெப்பத்தாக்கு. அங்கே மருந்து பயன்படாது. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, குளிர்ந்த நீரால் உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

மருந்துக்கு இறங்கினால் சாதாரணக் காய்ச்சல், இறங்காவிட்டால் ஆபத்தானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியன்று. கடுமையான நோயிலும் பாராசிட்டமாலுக்கு வெப்பம் இறங்கும். எண்ணைவிட மருந்துக்குப் பின் குழந்தை எப்படி இருக்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம். வெப்பம் இறங்கியதும் எழுந்து அமர்ந்து, கஞ்சி கேட்டு, உங்களைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தையைக் குறித்து நாங்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. வெப்பம் இறங்கியும் சோர்ந்தே கிடப்பதும், எழுப்பினால் உடனே மீண்டும் மயங்குவதும்தான் எங்களை விரைந்து எழச்செய்யும்.

மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 டிகிரியே போதும், அன்றே, அப்பொழுதே வர வேண்டும். அவ்வயதில் கடுமையான தொற்றும் வெறும் வெதுவெதுப்பாகவே தோன்றலாம். காய்ச்சல் நின்று ஒருநாள் நன்றாக இருந்தபின் மீண்டும் ஏறினால், வைரஸைத் தொடர்ந்து நுரையீரலிலோ காதிலோ வேறு தொற்று வந்திருக்கக்கூடும். ஐந்து நாட்களைத் தாண்டி நீடித்து, கண்ணும் உதடும் சிவந்து, உடலில் தடிப்பு தோன்றினால் இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்கும் கவாசாகி நோயா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி டம்ளரால் அழுத்தியும் மறையாத சிவப்புப் புள்ளிகள், கழுத்து விறைப்பு, விலா உள்வாங்க வேகமாக மூச்சு விடுதல் ஆகியவற்றுக்கு நாள் கணக்கே கிடையாது. இரவானாலும் உடனே வாருங்கள்.

வலிப்பு வந்துவிடுமோ என்ற அச்சமே பல வீடுகளில் இரண்டு மருந்துகளையும் கையிலெடுக்க வைக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வருவது உண்மை. ஆனால் காய்ச்சல் மருந்து அதைத் தடுப்பதில்லை. வலிப்பு வந்தால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. பெரும்பாலும் அதற்குள் நின்றுவிடும். நின்றபின் குழந்தையை எங்களிடம் காட்டுங்கள்.

அந்த 12 கிலோ குழந்தைக்குத் திரும்புவோம். இரத்தச் செறிவு 44 என்று வந்தது. அவ்வயதில் 35 அளவில் இருக்க வேண்டியது. தட்டணுக்கள் 42,000. நரம்பு வழித் திரவம் தொடங்கி, மணிக்கணக்கில் சிறுநீரையும் நாடியையும் கண்காணித்தோம். வெள்ளி இரவு கைகால் சூடேறியது. சனியன்று இட்லி கேட்டது. புதன்கிழமையே இரத்தப் பரிசோதனை செய்திருந்தால் செறிவு ஏறத் தொடங்குவதை முன்னரே கண்டிருக்கலாம். ஆகவே மழைக்காலத்தில் மூன்றாம் நாளும் காய்ச்சல் தொடர்ந்தால், குழந்தை நன்றாகத் தோன்றினாலும் பரிசோதனைக்கு வாருங்கள். காய்ச்சல் நின்றபின்னும் இரண்டு நாட்கள் உன்னிப்பாகக் கவனியுங்கள். உப்புச்சர்க்கரைக் கரைசல், கஞ்சி, இளநீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருங்கள்; ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும்.

வரும்போது ஒரு தாளில் காய்ச்சல் தொடங்கிய நாள், கொடுத்த மருந்து, அளவு, நேரம், கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரம் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டுவாருங்கள். மருந்துப் புட்டிகளையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.