நள்ளிரவு 2.14: போன பணமும் போட வேண்டிய மெயிலும்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து போனைப் பார்க்கிறார். பேங்கிலிருந்து மூன்று எஸ்எம்எஸ் வந்திருக்கிறது. 2.14க்கு 89 ரூபாய், 2.16க்கு 18,640 ரூபாய், 2.17க்கு 23,975 ரூபாய். மூன்றும் அவருடைய கிரெடிட் கார்டில், பெயரே கேள்விப்படாத ஒரு வெளிநாட்டு இணையக் கடையில். கார்டு சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது. ஓடிபி வரவும் இல்லை, அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஓடிபி வராமல் பணம் எப்படிப் போகும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. இந்தியக் கடைகளின் இணையதளத்தில் கார்டைப் பயன்படுத்தினால் இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் ஆகியவை இருந்தாலே வேலை முடிந்துவிடும். எங்கோ ஒரு தளத்திலிருந்து இந்த விவரங்கள் கசிந்திருக்கும். அந்த 89 ரூபாய், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று திருடன் கதவைத் தட்டிப் பார்ப்பது. பெரிய தொகை அடுத்துதான் வரும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடுபவர்கள் எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள்.

கணக்கர் முதலில் செய்ய வேண்டியது மெயில் எழுதுவதல்ல. மெயிலை யாரோ ஒருவர் திறந்து படிக்க வேண்டும். அதற்குள் நான்காவது தொகை போய்விடலாம். ஆகவே முதலில் பேங்க் செயலியிலோ, கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணிலோ கார்டை பிளாக் செய்ய வேண்டும். எண்ணைக் கூகுளில் தேடக் கூடாது. அங்கே கஸ்டமர் கேர் என்ற பெயரில் வலை விரித்துக் காத்திருப்பவர்கள் உண்டு. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. செயலிகளில் கார்டைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் வசதி தனி, நிரந்தரமாக பிளாக் செய்வது தனி. எண் திருடு போனபின் தற்காலிக நிறுத்தம் போதாது. அந்த எண் என்றைக்கும் பயன்படாதபடி செய்து, புது எண்ணில் கார்டு வாங்க வேண்டும். அந்தக் கார்டில் மாதாமாதம் தானாகப் போகும் கரண்ட் பில், போன் பில் எல்லாம் அப்போது நின்றுபோகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

போனில் சொல்லியாயிற்று, பிறகு மெயில் எதற்கு? நாள் கணக்குக்காக.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியில்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதை வகுத்தது. தவறு பேங்கின் பக்கம் இருந்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே இல்லை. பேங்க் மீதும் தவறில்லை, வாடிக்கையாளர் மீதும் தவறில்லை, நடுவில் எங்கோ ஓட்டை என்றால், பேங்கின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் அப்போதும் நஷ்டம் பூஜ்யம். நான்காவது நாள் முதல் ஏழாவது நாள் வரை சொன்னால் ஒரு வரம்பு உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கும், ஐந்து லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் பரிவர்த்தனை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அல்லது போன தொகை, இரண்டில் எது குறைவோ அது வாடிக்கையாளர் பொறுப்பு. ஏழு நாளும் கடந்துவிட்டால் அந்தந்த பேங்கின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

கணக்கரின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். எஸ்எம்எஸ் வந்த வியாழக்கிழமை கணக்கில் சேராது. வெள்ளி, 10ஆம் தேதி, முதல் நாள். 11 இரண்டாவது சனிக்கிழமை, பேங்க் விடுமுறை. 12 ஞாயிறு. திங்கள் 13 இரண்டாவது நாள், செவ்வாய் 14 மூன்றாவது நாள். செவ்வாய்க்குள் சொல்லிவிட்டால் 42,704 ரூபாயில் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. புதன்கிழமை சொன்னால் முதல் தொகையில் 89, மற்ற இரண்டில் பத்தாயிரம் பத்தாயிரம், ஆக 20,089 ரூபாய் வரை அவர் தலையில் விழலாம். ஒரே ஒரு நாள் தள்ளிப்போனதற்கு இருபதாயிரம்.

பின்னாளில் தகராறு வந்தால், எந்த நாளில், எத்தனை மணிக்குச் சொன்னார் என்பதற்குச் சாட்சி வேண்டும். போன் உரையாடலின் பதிவு பேங்கிடம் இருக்கும், கணக்கரிடம் இருக்காது. மெயிலோ அவருடைய பெட்டியிலேயே தேதியும் நேரமும் பொறித்துக் கிடக்கும். அந்த மெயில் ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

பொருள்: நான் செய்யாத 3 பரிவர்த்தனைகள், 09-10-2025. கிரெடிட் கார்டு கடைசி எண்கள் 4417. கார்டை பிளாக் செய்யவும்.

ஐயா / அம்மா,

மேற்படி கார்டில் கீழ்க்கண்ட மூன்று பரிவர்த்தனைகள் நடந்ததாக இன்று எஸ்எம்எஸ் வந்தது. இவற்றை நான் செய்யவில்லை. செய்ய வேறு யாருக்கும் அனுமதி தரவும் இல்லை.

09-10-2025, அதிகாலை 2.14, ரூ. 89
09-10-2025, அதிகாலை 2.16, ரூ. 18,640
09-10-2025, அதிகாலை 2.17, ரூ. 23,975
மொத்தம் ரூ. 42,704

கார்டு என்னிடமே இருக்கிறது. ஓடிபி, பின் எதையும் யாரிடமும் பகிரவில்லை. இன்று காலை 5.52 மணிக்கு உங்கள் உதவி எண்ணில் பேசி, கார்டை நிரந்தரமாக பிளாக் செய்யக் கேட்டேன். பிளாக் ஆன நேரத்தை எழுத்தில் உறுதி செய்யவும். மூன்று தொகைகளையும் மறுக்கிறேன்; ரிசர்வ் வங்கியின் 06-07-2017 சுற்றறிக்கைப்படி 10 வேலை நாட்களுக்குள் வரவு வைக்கவும். புகார் எண் தரவும். எஸ்எம்எஸ் படங்கள் இணைப்பில்.

இவ்வளவுதான். கீழே பெயரும் பேங்கில் பதிவான மொபைல் எண்ணும். ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் எஸ்எம்எஸ்ஸில் வந்த கடைப் பெயரை ஓர் எழுத்துகூட மாற்றாமல் சேர்க்க வேண்டும். அது பார்க்க அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக இருக்கும். ஆனால் பேங்கின் பதிவேட்டில் தேடுபவருக்கு அதுதான் அடையாளம். தொகையை "சுமார் நாற்பதாயிரம்" என்று எழுதினால் தேட முடியாது. மொத்தத்தை மட்டும் எழுதினாலும் முடியாது, ஏனென்றால் பேங்கின் ஏட்டில் 42,704 என்று ஒரு பதிவே இருக்காது.

மெயிலில் என்ன இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். முழுக் கார்டு எண், பின்பக்கத்து மூன்று இலக்கம், பின், ஓடிபி, பாஸ்வேர்ட் எதுவும் வேண்டாம். கடைசி நான்கு எண்கள் போதும். அதேபோல, பேங்க் ஊழியர்தான் விற்றிருப்பார், பெட்ரோல் பங்க்கில்தான் திருடியிருப்பார்கள் என்ற ஊகங்களையும் விட்டுவிடலாம். கோபம் நியாயமானதுதான், ஆனால் மூன்று பக்கப் புலம்பலுக்கு நடுவில் தேதியும் தொகையும் ஒளிந்துகொண்டால் நஷ்டம் எழுதியவருக்கே.

"பகிரவில்லை" என்ற வாக்கியத்தை உண்மையாக இருந்தால் மட்டும் எழுத வேண்டும். கேஒய்சி என்று சொல்லி அழைத்தவரிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டவர் அதை மறைப்பதில் பயனில்லை. அந்த நிலையில் பேங்கிடம் சொல்லும் வரை போன பணம் வாடிக்கையாளர் பொறுப்பு. சொன்ன பிறகு போகும் பணம் பேங்கின் பொறுப்பு. அவருக்கு மூன்று நாள் சலுகை இல்லை என்பதால், ஒவ்வொரு நிமிடமும் காசு. வீட்டுப் பையன் விளையாட்டுச் செயலியில் அழுத்தினானா, போன வருடம் இலவசம் என்று சேர்ந்த சந்தா இப்போது பணம் பிடித்ததா என்பதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. அவையெல்லாம் வேறு வகைப் புகார்.

எங்கே அனுப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேங்கில் பதிவான மெயில் முகவரியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். மருமகளின் ஜிமெயிலிலிருந்து போனால், எழுதியது யார் என்ற கேள்வியிலேயே நாள் கழியும். போகும் முகவரி பேங்கின் சொந்த இணையதளத்திலோ கார்டு பில்லிலோ உள்ளதாக இருக்க வேண்டும். எஸ்எம்எஸ், மெயில் எச்சரிக்கைகளுக்கு அப்படியே பதில் அனுப்பி மறுக்கும் வசதியை பேங்குகள் தர வேண்டும் என்று அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆனாலும் no-reply என்று தொடங்கும் முகவரிக்கு எழுதிவிட்டு, சொல்லியாயிற்று என்று இருந்துவிடக் கூடாது. புகார் எண்ணோடு பதில் வர வேண்டும். தானியங்கிப் பதிலாக இருந்தாலும் சரி. வரவில்லையென்றால் மெயில் சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டு, கிளைக்கு நேரில் போய் அதே கடிதத்தைக் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளலாம். கையோடு சைபர் குற்ற உதவி எண் 1930க்கும், இல்லையென்றால் cybercrime.gov.in தளத்திலும் புகார் செய்துவிட வேண்டும்.

சில சமயம் உதவி எண்ணில் பேசுபவர், "தொகை இன்னும் பென்டிங்கில்தான் இருக்கிறது, பில்லில் ஏறட்டும், பிறகு புகார் கொடுங்கள்" என்பார். கடைக்காரரின் கணக்குக்கு இன்னும் பணம் போய்ச் சேரவில்லை என்பது அதன் பொருள். மறுப்புப் படிவத்தை அவர்கள் பிறகு வாங்கலாம். ஆனால் நாள் எண்ணிக்கை எஸ்எம்எஸ் வந்ததிலிருந்து ஓடுகிறது. பில் வருவதற்காக அது நிற்காது. எனவே மெயில் அன்றே போக வேண்டும். கார்டை பிளாக் செய்த பிறகும் அந்த மூன்று தொகைகள் பில்லில் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. பிளாக் என்பது புதிதாக எதுவும் போகாமல் தடுக்கும்; ஏற்கெனவே அனுமதி வாங்கியதைத் திருப்பாது.

அன்றே மெயில் போய்விட்டால், அடுத்த பத்து வேலை நாட்களுக்குள் தொகை வரவு வைக்கப்பட வேண்டும். தீபாவளி திங்கட்கிழமையையும் கழித்தால் கணக்கருக்கு அது அக்டோபர் 23. பரிவர்த்தனை நடந்த தேதியிட்டே வரவு வைக்க வேண்டும் என்பதால் வட்டி சுமை வராது. இது நிழல் வரவுதான். விசாரணை முடியும் வரை அது இறுதியல்ல. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு பேங்குக்குத்தான். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அதாவது 2026 ஜனவரி 7.

புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது, பேங்குக்கு எப்போது எழுதினீர்கள், நகல் எங்கே என்பதுதான். கணக்கர் வியாழக்கிழமை காலை அனுப்பிய மெயிலை அப்படியே இணைக்கிறார்.